கரைப்பானும் கன உலோகமும் ஒரே பாட்டிலில்: கல்லூரி ஆய்வகக் கழிவைப் பிரிக்கும் முறை

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் சேரும் கழிவுகளில் மிகவும் தொல்லையானது, கரிமக் கரைப்பானும் கன உலோகமும் ஒன்றாகக் கலந்த திரவம். தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வழி உண்டு. அசிட்டோன், எத்தில் அசிட்டேட், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களை எரிக்கலாம். சிமென்ட் ஆலைச் சூளைகள் அவற்றை எரிபொருளாகவே ஏற்றுக்கொள்கின்றன. காரீயம், குரோமியம், நிக்கல் ஆகியவற்றை நீர்க்கரைசலிலிருந்து வீழ்படிவாக்கி, வடிகட்டி, கெட்டிப்படுத்தி, அதற்கென்றே அமைந்த பாதுகாப்பான நிலநிரப்பில் புதைக்கலாம். இரண்டும் கலந்துவிட்டால் இந்த இரண்டு வழிகளும் அடைபடுகின்றன.

காரணம் எளியது. உலோகம் எரியாது, எந்த வெப்பத்திலும் அழியாது. எரியூட்டியில் விழும் பாதரசம் ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறப் பார்க்கும். காரீயமும் காட்மியமும் பறக்கும் சாம்பலோடு சேரும். குரோமியமோ, காரத்தன்மையுள்ள சூடான சாம்பலில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீரில் கரையும் ஆறு இணைதிற வடிவத்துக்கு மாறக்கூடும். அதாவது போகும்போது இருந்ததைவிட மோசமாகத் திரும்பி வரும். மறுபக்கம், நிலநிரப்பு எரியக்கூடிய திரவத்தை ஏற்காது. ஆகவே கலப்புக் கழிவை எடுத்துச் செல்லும் நிறுவனம் கூடுதல் கட்டணம் கேட்கிறது, அல்லது எடுக்கவே மறுக்கிறது. பல கல்லூரிகளில் ஆய்வகத்தின் பின்புறம் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பெயரற்ற பாட்டில்கள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவைதாம்.

எனவே பிரித்தல் என்பது கழிவு அறையில் நடக்கும் வேலையல்ல; மாணவர் நிற்கும் மேசையில், பிரிபுனலைக் கையில் பிடித்திருக்கும்போதே முடிந்துவிட வேண்டிய வேலை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி "இதில் அதிகமாக இருப்பது எது?" என்பதன்று. "இதில் இருப்பவற்றுள் வெளியேற்றுவதற்கு மிகக் கடினமானது எது?" என்பதே. அளவு எவ்வளவு சிறியதாயினும் அந்தப் பொருளே பாட்டிலின் பெயரைத் தீர்மானிக்கிறது. பாதரசம் இருந்தால், உடன் வேறு எது இருந்தாலும், அது பாதரசப் பாட்டிலுக்குத்தான் போக வேண்டும். பாதரசம் இல்லாவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆக்சிஜனேற்றி: டைக்ரோமேட், பெர்மாங்கனேட், நைட்ரிக் அமிலம். அதுவும் இல்லையென்றால் ஹாலஜன். இரண்டு லிட்டர் அசிட்டோன் கழிவில் ஒரு குப்பி டைகுளோரோமீத்தேனைக் கொட்டினாலும் அந்த இரண்டு லிட்டரும் ஹாலஜன் கழிவாகிவிடும். எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வருவதால் அதற்குத் தனி எரியூட்டியும் வாயுக் கழுவியும் தேவை. சிமென்ட் சூளையும் குளோரினைக் குறைந்த அளவுக்கு மேல் தாங்காது. இவை எதுவும் இல்லாத பிறகுதான் மற்ற உலோகங்களும் சாதாரணக் கரைப்பான்களும் கணக்குக்கு வரும்.

இந்த வரிசையில் ஆக்சிஜனேற்றியை ஹாலஜனுக்கு முன்னால் வைப்பதற்குச் செலவு காரணமல்ல, விபத்தே காரணம். ஆய்வகக் கழிவுப் பாட்டில்கள் வெடித்த சம்பவங்களில் திரும்பத் திரும்ப வருவது நைட்ரிக் அமிலமும் கரிமக் கரைப்பானும் சேர்ந்த கதை. கலந்த உடனே ஒன்றும் நடக்காது. வினை மெல்லத் தொடங்கி, வெப்பம் சேர்ந்து, நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் பெருகி, இறுக மூடிய பாட்டில் சில மணி நேரம் கழித்து, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு உடையும். அமிலம் வந்த பழைய பாட்டிலைக் கழுவாமலே கரைப்பான் கழிவுக்குப் பயன்படுத்துவதுதான் இதற்கு வழக்கமான தொடக்கம். வெள்ளியோ பாதரசமோ கரைந்த நைட்ரிக் அமிலத்தோடு எத்தனால் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். வெடிக்கும் உப்புகள் உண்டாகக்கூடும். உயிர்வேதியியல் வகுப்பில் புரதத்தைக் கண்டறியப் பயன்படும் மில்லன் வினைபொருள் பாதரசம் கரைந்த நைட்ரிக் அமிலம்தான். அந்தச் சோதனைக் குழாய்களை எத்தனாலால் கழுவி ஒரே பாட்டிலில் ஊற்றுவது எந்த நிலையிலும் கூடாது. டாலன்ஸ் வினைபொருளின் எச்சத்தையும் வைத்திருக்கக் கூடாது. அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசல் நின்றால் வெடிக்கும் படிவைத் தரும் என்பதால், வகுப்பு முடியும்போதே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து வெள்ளிக் குளோரைடாக வீழ்த்திவிட வேண்டும்.

கண்ணாடிக் கலங்களை அசிட்டோனால் கழுவும் பழக்கத்திலும் ஒரு பொறி உண்டு. அந்தக் கழுவல் திரவம் குளோரோபார்ம் பாட்டிலுக்குள் போய், கூடவே சிறிது சோடியம் ஹைட்ராக்சைடும் விழுந்தால், அசிட்டோனும் குளோரோபார்மும் காரத்தின் முன்னிலையில் கடுமையாக வினைபுரிந்து கொதிக்கும். ஹாலஜன் பாட்டிலின் முகப்பில் "அசிட்டோன் வேண்டாம், காரம் வேண்டாம்" என்று எழுதி ஒட்டுவது மிகையான எச்சரிக்கை அல்ல.

பிரித்தல் உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைப் பட்டப்படிப்பு வகுப்பில் பழக்கமான ஒரு செய்முறையைக் கொண்டு பார்க்கலாம். சைக்ளோஹெக்சனாலைப் பொட்டாசியம் டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் கொண்டு சைக்ளோஹெக்சனோனாக மாற்றி, டைகுளோரோமீத்தேனில் பிரித்தெடுக்கிறார்கள் என்று கொள்வோம். இருபது மாணவர்கள், ஆளுக்கு 5 கிராம் டைக்ரோமேட். மொத்தம் 100 கிராம்; அதில் குரோமியம் மட்டும் சுமார் 35 கிராம். வகுப்பின் முடிவில் கழுவல் நீர் உட்பட இரண்டு லிட்டர் அளவுக்கு அமில நீர் சேரும். மூன்று இணைதிறக் குரோமியம் தரும் பச்சை நிறமும், வினைபுரியாது எஞ்சிய ஆறு இணைதிறக் குரோமியம் தரும் ஆரஞ்சு நிறமும் அதில் கலந்திருக்கும்.

இதைத் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டியில் ஊற்றினால் என்ன ஆகும்? சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986 வெளியேற்றும் கழிவுநீரின் பொதுத் தரத்தை வகுத்திருக்கின்றன. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் நீரில் ஆறு இணைதிறக் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமும், மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராமும் மட்டுமே இருக்கலாம். 35 கிராமை இரண்டு மில்லிகிராம் அளவுக்கு நீர்த்துப்போகச் செய்ய 17,500 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அது ஒரு டேங்கர் லாரியின் கொள்ளளவையும் தாண்டக்கூடியது. குரோமியத்தில் பத்தில் ஒரு பங்கு ஆறு இணைதிறமாக எஞ்சியிருந்தால், அதற்கு மட்டுமே 35,000 லிட்டர் தேவைப்படும். அப்படி நீர்த்தாலும் குரோமியம் ஒரு மில்லிகிராம்கூடக் குறைவதில்லை. நீர்த்தல் சுத்திகரிப்பு ஆகாது என்பதைச் சட்டமும் வேதியியலும் ஒரே குரலில் சொல்கின்றன.

சரியான முறையில் முதல் படி அடுக்குகளை ஒழுங்காகப் பிரிப்பது. டைகுளோரோமீத்தேனின் அடர்த்தி 1.33 என்பதால் வழக்கமாக அதுவே கீழடுக்கு. ஆனால் உப்பும் அமிலமும் நிறைந்த நீர் கனமானது. ஈதரிலிருந்து டைகுளோரோமீத்தேனுக்கு மாறிய வகுப்பில் மாணவர்கள் பழைய பழக்கத்தில் மேலடுக்கைப் பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. ஐயம் வந்தால் ஒரு சொட்டு நீரை மேலிருந்து விட்டுப் பார்க்க வேண்டும். அது சென்று சேரும் அடுக்கே நீரடுக்கு. இடையில் குழம்பு நுரை நின்றால் பொறுமையின்றி அதைக் கரைப்பான் பக்கம் விடுவதே பெரும்பாலான கலப்புக்குக் காரணம். சாதாரண உப்பைச் சேர்த்துக் கால்மணி நேரம் விட்டால் நுரை அடங்கும். நீரில் கரைந்திருக்கும் கரைப்பானும் ஓரளவு வெளியேறும். கரைப்பான் அடுக்கைச் சிறிதளவு நீரால் ஒருமுறை கழுவி, அந்தக் கழுவலை நீரடுக்கோடு சேர்த்தால், கரைப்பான் பக்கம் குரோமியம் ஏறக்குறைய இருக்காது. அது ஹாலஜன் பாட்டிலுக்குத் தயார்.

இரண்டாவது படி ஆறு இணைதிறக் குரோமியத்தை ஒடுக்குவது. இது ஃப்யூம் ஹூட்டுக்குள் மட்டுமே நடக்க வேண்டும். சேர்க்கப்போகும் சோடியம் பைசல்பைட் அமிலத்தில் கந்தக டைஆக்சைடை வெளியிடும். பி.எச். 2 முதல் 3 வரை இருக்கும்போது வினை விரைவாக நடக்கிறது:

Cr₂O₇²⁻ + 3HSO₃⁻ + 5H⁺ → 2Cr³⁺ + 3SO₄²⁻ + 4H₂O

கணக்குப்படி எஞ்சிய டைக்ரோமேட் ஒரு கிராமுக்குப் பைசல்பைட் சுமார் 1.06 கிராம் போதும். ஆனால் இங்கே கணக்கை நம்பி நிறுத்திவிடக் கூடாது. நீரில் தங்கிய சைக்ளோஹெக்சனோன் பைசல்பைட்டில் கொஞ்சத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். பழைய பைசல்பைட் காற்றுப்பட்டுப் பாதி வலுவிழந்திருக்கும். கண்ணையும் நம்ப முடியாது, ஏனென்றால் அடர்ந்த பச்சை சிறிதளவு ஆரஞ்சை மறைத்துவிடும். எனவே சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டைப் பொட்டாசியம் அயோடைடு-ஸ்டார்ச் தாளில் வைத்துப் பார்க்க வேண்டும். தாள் நீலமானால் ஆக்சிஜனேற்றி இன்னும் இருக்கிறது என்று பொருள். தாள் நிறம் மாறாமல் நின்ற பிறகு, டைபினைல்கார்பசைடு கரைசலால் ஒருமுறை உறுதி செய்வது நல்லது. மிகக் குறைந்த அளவு ஆறு இணைதிறக் குரோமியமும் அதில் ஊதா நிறம் காட்டும்.

மூன்றாவது படி வீழ்படிவு. பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் கலக்கிக்கொண்டே நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடை மெதுவாகச் சேர்த்து, பி.எச்.சை 8க்கும் 9க்கும் இடையே நிறுத்த வேண்டும். சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் குரோமியம் ஹைட்ராக்சைடு கூழாகத் திரளும். இங்கே வழக்கமாக நேரும் தவறு அவசரத்தில் காரத்தை மிகுதியாக ஊற்றுவது. பி.எச். 11-ஐத் தாண்டினால் வீழ்படிவு மீண்டும் கரையத் தொடங்கும். வடிகட்டியின் கீழே வரும் நீர் பச்சையாக இருப்பதுதான் அதற்கு அடையாளம். அப்போது நீர்த்த கந்தக அமிலம் சில துளி விட்டு பி.எச்.சைத் திரும்ப இறக்கினால் போதும். ஒரு இரவு அமைதியாக விட்டு, மேல்நீரை வடித்து, மீதியை வடிதாளில் பிடித்துக் காற்றில் உலர்த்த வேண்டும். உலர்ந்த நிலையில் வீழ்படிவு சுமார் 70 கிராம். ஈரக் கூழாக இருக்கும்போது அது பல மடங்கு கனமாக இருக்கும் என்பதால் உலர்த்துவதில் சலிப்புக் காட்டக் கூடாது. கழிவு எடுப்பவர் எடையைக் கணக்கிட்டே பணம் வாங்குகிறார்.

வடிந்த நீரில் குரோமியம் இல்லை. அதனால் அதைத் தொட்டியில் விட்டுவிடலாம் என்று முடிவு கட்டுவது அவசரம். டைகுளோரோமீத்தேன் நீரில் லிட்டருக்குப் பத்து, பதினைந்து கிராம் வரை கரையும்; இந்த நீரில் அதில் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. சூடாக்கி ஆவியாக விரட்டுவது தீர்வல்ல, காற்றுக்கு மாற்றுவது மட்டுமே. ஆகவே அது "ஹாலஜன் கலந்த நீர்க்கழிவு" என்ற பெயரோடு தனிப் பாட்டிலில் போக வேண்டும். இரண்டு லிட்டர் கலப்புக் கழிவு, கையளவு உலர்ந்த திடப்பொருளாகவும், உலோகமில்லாத கரைப்பானாகவும், உலோகமில்லாத நீராகவும் பிரிந்தது. மூன்றுக்கும் போக இடம் உண்டு. முழுமையான தீர்வு இல்லைதான், ஆயினும் கல்லூரி ஆய்வகத்தில் இயன்ற அதிகபட்சம் இதுவே.

இந்த மூன்று படிகளையும் தனியான கழிவுச் சுத்திகரிப்பாக அல்லாமல், செய்முறையின் கடைசிப் பகுதியாகவே குறிப்பேட்டில் சேர்த்துவிடுவது நல்லது. ஒடுக்குதலும் பி.எச். சார்ந்த கரைதிறனும் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ளவை. அவற்றைத் தாங்கள் உண்டாக்கிய கழிவிலேயே மாணவர் பார்க்கலாம். இதைவிட நேரான வழி, டைக்ரோமேட்டையே விட்டுவிடுவது. அதே சைக்ளோஹெக்சனோனை அசிட்டிக் அமிலத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட்டைக் கொண்டு, அதாவது துணி வெளுக்கும் திரவத்தைக் கொண்டு, தயாரிக்கலாம். எஞ்சிய ஹைப்போகுளோரைட்டைப் பைசல்பைட்டால் நீக்கிவிட்டால் மிஞ்சுவது உப்பு நீர்தான். விளைச்சல் சற்றுக் குறையலாம். கன உலோகம் அறவே இல்லை.

உலோகம் நீரில் இல்லாமல் கரைப்பானுக்குள்ளேயே அணைவாகக் கரைந்திருக்கும் நிலை வேறு. முதுகலை பகுப்பாய்வு வகுப்பில் நிக்கலை டைமெத்தில்கிளையாக்சிமோடு சேர்த்துக் குளோரோபார்மில் பிரித்து, மஞ்சள் நிறத்தின் அடர்த்தியை நிறமாலைமானியில் அளக்கிறார்கள். இங்கே அடுக்கைப் பிரிப்பது பயன் தராது. நிக்கல் குளோரோபார்முக்குள் இருக்கிறது. வகுப்பின் குளோரோபார்ம் அனைத்தையும் ஒரு பெரிய பிரிபுனலில் சேர்த்து, அதன் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அரை மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு இருமுறை குலுக்கினால், அணைவு உடைந்து நிக்கல் நீருக்குள் இறங்கிவிடும். குளோரோபார்மின் மஞ்சள் வெளுப்பதே வேலை முடிந்ததற்கு அறிகுறி. கையில் இருக்கிறது என்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதிலாக நைட்ரிக் அமிலத்தை எடுக்கக் கூடாது. காரணம் முன்பே சொல்லப்பட்டது.

அணைவுகளைப் பற்றிய மற்றொரு செய்தி பலருக்கும் தெரிவதில்லை. ஈடிடிஏ தரம்பார்த்தலின் கழிவையும் பெலிங் கரைசலின் கழிவையும் உலோக நீர்ப் பாட்டிலில் ஊற்றினால், அதன் பின் எவ்வளவு காரம் சேர்த்தாலும் உலோகம் சரியாக வீழாது. ஈடிடிஏவும் டார்ட்ரேட்டும் உலோக அயனியைக் கரைசலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அடர் அம்மோனியாவும் செம்பிடமும் நிக்கலிடமும் அப்படியே நடந்துகொள்ளும். அமிலத்தை நடுநிலையாக்கிய பிறகும் நீர் நீலமாகவே இருந்தால் இதுதான் காரணம். இந்தக் கழிவுகளுக்கு "அணைவு" என்று எழுதிய பாட்டில் ஒன்று தனியாக இருந்தால் மற்றவை கெடாமல் தப்பும்.

பாதரசத்தில் ஆய்வகம் கை வைக்காமல் இருப்பதே உத்தமம். கழிவுநீரின் வேதி ஆக்சிஜன் தேவையை அளக்கும் சோதனையில் பாதரச சல்பேட், வெள்ளி, டைக்ரோமேட், அடர் கந்தக அமிலம் நான்கும் ஒரே குழாயில் இருக்கின்றன. அதைப் பிரிக்க முயல்வதால் ஒரு குழாய்க் கழிவு நான்கு பாத்திரக் கழிவாகுமே தவிர வேறு பயன் இல்லை. மூடிய நிலையில் அப்படியே பாதரசக் கழிவாகச் சேர்த்து வைப்பதே முறை.

பெயர் இல்லாத பழைய பாட்டில்களை அணுகுவதில் முதல் விதி, எல்லாவற்றையும் திறக்க வேண்டியதில்லை என்பது. மூடியைச் சுற்றிப் படிகம் கட்டியிருந்தாலோ, பாட்டில் உப்பியிருந்தாலோ அதை அசைக்காமல் அப்படியே விட்டு, தகுந்த ஆளை அழைக்க வேண்டும். ஈதரின் பெராக்சைடாக இருக்கலாம். மற்றவற்றில் அதிக வசதியின்றியே நான்கு செய்திகளை அறியலாம். அடுக்குகள் இருக்கின்றனவா என்பது கண்ணுக்கே தெரியும். பி.எச். தாள் அமிலமா காரமா என்று சொல்லும். அயோடைடு-ஸ்டார்ச் தாள் ஆக்சிஜனேற்றியைக் காட்டும். சூடாக்கிய செம்புக் கம்பியில் ஒரு துளியைத் தொட்டுச் சுடரில் காட்டும் பெயில்ஸ்டீன் சோதனை, பச்சைச் சுடரால் ஹாலஜனைக் காட்டிக்கொடுக்கும். ஆக்சிஜனேற்றி இல்லை என்று உறுதியான பிறகே கம்பியைச் சுடரருகே கொண்டுபோக வேண்டும். அதையும் பாட்டிலிலிருந்து தூரத்தில் செய்ய வேண்டும். இந்த நான்கும் பாட்டிலின் உள்ளடக்கத்தைச் சொல்லிவிடா. எந்த வரிசையில் அதை நிறுத்துவது என்பதைச் சொல்லும். கழிவு எடுக்க வருபவருக்கும் முதலில் தேவைப்படுவது அதுதான்.

சேமிக்கும் கலத்தைப் பொறுத்தவரை, உலோகம் கலந்த அமில நீருக்குக் கெட்டியான பாலித்தீன் கேன் ஏற்றது. குளோரோபார்மும் டைகுளோரோமீத்தேனும் அதை நாளடைவில் உப்பவைக்கும் என்பதால் அவற்றுக்குப் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில் வேண்டும். எந்தக் கலத்தையும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. கீழே, பாட்டில் உடைந்தாலும் முழுவதையும் பிடிக்கும் தட்டு ஒன்று இருக்க வேண்டும். ஒட்டுத்தாளில் "கரிமக் கழிவு" என்று மட்டும் எழுதுவது எழுதாததற்குச் சமம். பொருள்களின் பெயரும் ஏறக்குறைய அளவும், முதன்முதலில் ஊற்றிய தேதியும் வேண்டும்.

அந்தத் தேதி சட்டத்தோடு தொடர்புடையது. அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகள், 2016 கழிவை உண்டாக்கியவர் அதைத் தன்னிடம் 90 நாள்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கின்றன. ஆண்டுக்குப் பத்து டன்னுக்குள் உண்டாக்கும் சிறிய இடங்களுக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை நீட்டித்துத் தரலாம். கல்லூரிகள் அந்த வரம்புக்குள்தான் வரும். கழிவை வாரியத்தின் அனுமதி பெற்ற வசதிக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் அப்படிப்பட்ட பொது வசதி ஒன்று இயங்குகிறது. லாரியோடு போகும் பயண ஆவணத்தின் ஒரு படி, கழிவு சேர்ந்த பிறகு அனுப்பியவருக்குத் திரும்பி வர வேண்டும். இருபது லிட்டர் கழிவுக்காக லாரி வராது என்ற புகார் நியாயமானதுதான். அருகருகே உள்ள கல்லூரிகள் ஒரே நாளில் ஏற்பாடு செய்துகொண்டால் செலவு குறையும். ஆனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி ஆவணம் இருக்க வேண்டும்.

அந்த நாளைத் தேர்ந்தெடுப்பதில் தமிழ்நாட்டின் கல்லூரி நாட்காட்டியும் பருவநிலையும் சேர்ந்து ஒரு முடிவைச் சொல்லிவிடுகின்றன. டைகுளோரோமீத்தேனின் கொதிநிலை 40 டிகிரி. செய்முறைத் தேர்வுகள் முடிந்து, ஆய்வகம் பூட்டப்பட்டு, மின்விசிறியும் ஓடாமல் கிடக்கும் மே மாதத்தில் அறையின் வெப்பம் அந்த அளவைத் தொட்டுவிடும். ஆகவே துறைத் தலைவர்கள் கழிவு லாரியைக் கோடை விடுமுறைக்குப் பின் என்று தள்ளிப்போடாமல், தேர்வு முடிந்த வாரத்திலேயே வரவழைத்துவிட வேண்டும்.